படம் வராத கடுதாசி

அந்தக் கடுதாசியில் எழுத்து இருந்த இடத்தைவிட எழுத்தில்லாத இடம்தான் அதிகம். மேலே பத்துப் பன்னிரண்டு வரி, அடியில் ஒரு கையெழுத்து, வட்ட முத்திரை. இரண்டுக்கும் நடுவே இரண்டு உள்ளங்கையை விரித்து வைக்கிற அளவுக்கு வெள்ளைத் தாள் சும்மா கிடந்தது. படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

"என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் அப்போது ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆள்களுக்குப் பேர் கூப்பிடுவது, பழம் எடுத்து வந்தால் எடை போட்டு எழுதுவது, துரைக்கு வரும் தபால் பையைத் திறந்து பிரிப்பது, இதெல்லாம் என் வேலை. சுற்றுப்பட்ட மலைக்கிராமத்து ஆள்களுக்கு வருகிற கடுதாசிகளும் அந்தப் பையில்தான் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே அபூர்வம். அதனால் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வாழவந்திக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் அவர் வீடு, அந்தப் பக்கத்துப் பேச்சில் ஊடு. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்தச் சரிவில் சாமையும் ராகியும் விதைத்து, பலா மரத்து நிழலில் கொஞ்சம் காப்பிச் செடி வைத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்து மலையை அளந்துகொண்டு போனார்கள். அளந்த நிலத்துக்கெல்லாம் பட்டா எழுதப்போகிறார்கள் என்று பேச்சு. அவரும் என்னிடம் சொல்லி ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். அதற்கு வந்த பதில்தான் இது.

படித்துக் காட்டினேன். இத்தனை வருஷமாகியும் அது எனக்கு மனப்பாடம்.

"கீழே கண்ட படத்தில் அ, ஆ, இ, ஈ என்று குறிக்கப்பட்ட நான்கு மூலைகளுக்குள் அடங்கிய நிலம் தங்கள் அனுபவத்தில் உள்ளதா? ஆம் அல்லது இல்லை என்று எழுதி, இந்த நோட்டீஸ் கண்ட பதினைந்து நாட்களுக்குள் அனுப்பவும். பதில் வராத பட்சத்தில் மேற்படி நிலம் தங்கள் அனுபவத்தில் இல்லையென்று கொள்ளப்படும்."

"அவ்வளவுதானுங்களா?" என்று அவர் சிரித்தேவிட்டார். "நான் என்னமோன்னு பயந்து போயிட்டனுங்க. ஆமான்னு எழுதுங்க. எங்க மாமனாரு காலத்துல இருந்து எங்க அனுபவந்தானுங்க."

"எது அனுபவம்ங்க அம்மிணி?"

"எங்க நெலந்தானுங்க."

"உங்க நெலம்னு இதுல எழுதலீங்களே. கீழ கண்ட படத்துல இருக்கற நெலம்னு எழுதியிருக்குது. கீழ படமே இல்லீங்க."

அவர் தாளை வாங்கி, வெற்றிடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவருக்குக்கூட அங்கே எதுவுமில்லை என்பது தெரிந்தது.

படம் ஒருவேளை தனித்தாளாக வந்து வழியில் விழுந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். தபால் பையை உதறினேன். உள்பக்கத்தை வெளியே திருப்பித் தட்டினேன். இரண்டு வண்டுகள் விழுந்தன. பிறகு தாளின் மூலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆபீஸ்காரர்கள் ஒரு தாளோடு இன்னொன்றைச் சேர்த்து அனுப்பினால் குண்டூசி குத்தியிருப்பார்கள், அல்லது ஓட்டை போட்டு நூல் கோர்த்திருப்பார்கள். ஒரு துளைகூட இல்லை. தாள் தனியாகத்தான் கிளம்பியிருக்கிறது, தனியாகத்தான் வந்திருக்கிறது. படம் அந்த வெற்றிடத்தில் வரைந்து வந்திருக்க வேண்டியது. வரையாமலே வந்துவிட்டது.

"படம் இல்லாட்டி என்னங்க? கேக்கறது புரியுதல்லொ?" என்றார்.

காப்பி காயப்போடும் களத்தில் நின்றுகொண்டிருந்தோம். சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்து, அங்கேயே தரையில் அவருடைய சரிவை வரைந்தேன். உச்சியில் ரிசர்வ் காடு. அதற்குக் கீழே அவர் ஊடும் சுனையும் நிலமும். அதற்கும் கீழே, எஸ்டேட் வேலியை ஒட்டி, எஸ்டேட்டும் தன்னது என்று சொல்கிற ஒரு துண்டு. அதில் அவர் வைத்த ஆரஞ்சு மரங்கள். மூன்றையும் அவர் அனுபவித்து வந்தது நிஜம். மலைக்காரர்கள் எல்லாரையும்போல ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மேல்காட்டில் கொத்திச் சாமை தூவுவார். ஆரஞ்சு பறிக்கக் கீழே போவார். அவருக்கு அது மொத்தமும் ஒரே காடு. சர்க்காருக்கு மூன்றும் வேறு வேறு.

மேலே ஒரு கட்டம் போட்டு, நாலு மூலையிலும் அ, ஆ, இ, ஈ எழுதினேன்.

"படம் இதுவா இருந்தா, ஆமான்னு எழுதினா என்னாகும்? ரிசர்வ் காட்டுல வெள்ளாமை வச்சேன்னு நீங்களே கைநாட்டு வச்சுக் குடுத்த மாதிரி."

அவர் முகம் மாறியது. முந்தின வருஷம் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் அப்படித்தான் யாரோ நீட்டிய தாளில் ஆமென்று கைநாட்டு வைத்தார். அவர்மேல் கேஸ் போட்டு, குடிசையைப் பிரித்தெறிந்து, கீழே கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மலை முழுக்க அந்தக் கதை தெரியும்.

அந்தக் கட்டத்தைக் காலால் அழித்துவிட்டு நடுவில் ஒன்று போட்டேன். "இதுவா இருந்தா ஆமான்னுதான் எழுதோணும். இல்லைன்னா உங்க நெலம் போயிரும்." அதையும் அழித்துவிட்டுக் கீழ்த்துண்டில் ஒன்று போட்டேன். "இதுவா இருந்தா எஸ்டேட்டோட வழக்கு." கடைசியாக மேல்காட்டில் பாதியையும் நடுநிலத்தில் பாதியையும் சேர்த்து ஒரு கட்டம். "இதுவா இருந்தா ஆமும் தப்பு, இல்லையும் தப்பு. நாலு மூலைன்னு சொன்னாப் போதுங்களா? எந்த நெலத்துக்குத்தான் மூலை இல்லை? கேள்வி பாதி எழுத்துல இருக்குது, பாதி படத்துல இருக்குது. நமக்கு வந்தது பாதிக் கேள்விங்க."

அவர் தரையில் கிடந்த சுண்ணாம்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எது அவிங்க மனசுல இருக்குதுன்னு உங்களுக்குந் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். "தங்கள் நோட்டீஸில் குறிப்பிட்ட படம் தாளில் வரையப்படவில்லை. படத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல இயலாது. தயவுசெய்து படத்தை அனுப்பினால் உடனே பதில் எழுதப்படும்." அவர் கட்டைவிரல் ரேகை வைத்தார். இதற்குமேல் யாரும் தெளிவாக எழுத முடியாது என்று எனக்குத் திருப்தி. சாயங்காலத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் உறை வந்தது. அவசரமாகப் பிரித்தேன். உள்ளே அதே நோட்டீஸ். அதே எழுத்து, அதே கையெழுத்து, அதே வெற்றிடம். ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி புதிதாக இருந்தது: "தங்கள் பதில் கேள்விக்குப் பொருத்தமாக இல்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதவும். முன் குறித்த கெடுவில் மாற்றமில்லை."

எனக்கு வந்த கோபத்துக்குத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். அட கடவுளே, படம் இல்லை என்று சொன்னால் படம் இல்லாத தாளையே இன்னொரு தரம் அனுப்புவார்களா! துரையிடம் போய் ஒருநாள் லீவு கேட்டேன். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் மதிப்பார்களே என்றும் இழுத்துப் பார்த்தேன். அது எஸ்டேட் சமாசாரம் இல்லையே என்று சொல்லிவிட்டு, லீவை மட்டும் கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் பஸ் பிடித்தேன். மலைப்பாதையில் மோட்டார் ஓடத் தொடங்கிய காலம் அது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நிறுத்துவான். அடிவாரம் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து டவுனுக்குப் போய் ஆபீஸைக் கண்டுபிடித்து, வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே கூப்பிடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

அங்கே இருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன். தண்ணீர் கொடுத்தார். நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். தபால் ரிஜிஸ்தரை எடுத்துப் பக்கம் புரட்டி விரலை வைத்தார்.

"இதோ பாருங்க. தாள் ஒண்ணு, அனுப்பியாச்சு. உங்களுக்கு எத்தனை தாள் வந்துச்சு?"

"ஒண்ணு."

"அப்புறம் என்னங்க குறையுது?"

"படம் குறையுதுங்க."

"இணைப்புன்னு ஏதாச்சும் எழுதியிருக்குதா? இல்லையே. இணைப்பு இருந்தாத்தானே வரலைன்னு சொல்ல முடியும்? இது கீழே கண்ட படம். தாளுக்குள்ளயே இருக்கறது. தாள் வந்துருச்சு."

"தாளுக்குள்ள இல்லீங்களே!"

அவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னார். நோட்டீஸை ஆபீசர் இங்கிலீஷில் எழுதுவார். சர்வே படமும் அந்தத் தாளிலேயே இருக்கும். அதை இவர் தமிழில் பெயர்த்து நகல் எடுப்பார். கீழே கண்ட படம் என்று அங்கே இருந்தால் இங்கேயும் கீழே கண்ட படம் என்றுதான் எழுத வேண்டும். ஒரு வார்த்தை மாற்ற இவருக்கு அதிகாரமில்லை. படத்துக்கு இடம் விட்டுவிட்டு, படம் வரைகிறவர் மேஜைக்கு அனுப்புவார். அவர் மெல்லிய துணியை வைத்து மூலப் படத்தை எடுத்து, அந்த இடத்தில் வரைந்து கொடுப்பார். அவருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு மாதமாக ஊரில் கிடக்கிறார். அவர் மேஜையில் இருந்த தாள்கள் எப்படியோ தபால் கட்டோடு சேர்ந்து போய்விட்டன.

"அந்த இங்கிலீஷ்த் தாளைக் காட்டுங்க. ஒரு நிமிஷம் போதும். பார்த்துட்டுப் போயிடறேன்."

"அது ஆபீசரோட பெட்டியில இருக்குது. அவர் வேற மலையில கேம்ப். வர்றதுக்கு ஒரு மாசமாகும்."

"நீங்க நகல் எடுத்தவராச்சே. படம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குமில்லீங்களா? மேல காடு இருந்துச்சா? ஒரு சுனை? வேலி?"

அவர் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தார். "நாலு கோடு இருந்துச்சுங்க. எல்லாப் படத்துலயும் நாலு கோடுதான்."

"அப்போ கெடுவையாவது தள்ளி வையுங்க."

"அதுக்கு ஆபீசர் கையெழுத்து வேணுமே."

நோட்டீஸை வாங்கி மடித்தேன். அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சமாதானமாகச் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னார். "உங்க ஒருத்தருக்குன்னு நெனச்சுக்காதீங்க. அந்த மலைக்குப் போன நோட்டீஸ் எல்லாமே இப்படித்தான் போயிருக்குது. மத்தவங்கெல்லாம் பதில் எழுதிட்டாங்களே!"

"என்னத்தைப் பார்த்து எழுதினாங்க?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? சில பேர் ஆம்னு எழுதியிருக்காங்க, சில பேர் இல்லைன்னு எழுதியிருக்காங்க. ரெண்டும் சரியான பதில்தான், ரெண்டையும் ஏத்துக்கிட்டோம். நீங்க ஒருத்தர்தான் படம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

வந்த பதில்களின் கட்டையும் எடுத்துக் காட்டினார். எங்கள் தபால் பையில் சேராத தூரத்துக் கிராமத்து மலைக்காரர்களின் கட்டைவிரல் ரேகைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. எல்லாத் தாளிலும் நடுவில் அதே வெள்ளை. அதற்கு அடியில் யாரோ எழுதிக் கொடுத்த ஆம், யாரோ எழுதிக் கொடுத்த இல்லை. இவர்களெல்லாம் எதற்கு ஆம் சொன்னார்கள், எதற்கு இல்லை சொன்னார்கள் என்று இவர்களுக்கும் தெரியாது, வாங்கிக் கட்டி வைத்தவருக்கும் தெரியாது.

கடைசி பஸ்ஸில் மலையேறி வந்தேன். கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

மறுநாள் காலை பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் அந்த அம்மா களத்தில் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க. ஆமான்னு எழுதிருங்க" என்றார்.

"மேல்காடா இருந்துட்டா?"

"இருக்காதுங்க."

"எப்படித் தெரியும்?"

"எனக்கு மனசுல படுதுங்க. எங்க நெலத்துக்குப் பட்டா வேணும்னு நாம மனுப் போட்டோம். எங்க நெலத்தப் பத்தித்தானுங்களே கேப்பாங்க?"

அதில் நியாயம் இருந்தது. இப்போது யோசித்தால் நிறையவே இருந்தது. ஆனால் நாங்கள் போட்ட மனுவில் நிலத்துக்கு எண் கிடையாது. மலைக்காரர்கள் சொல்கிற வழக்கப்படி, பலா மரத்துக்கும் பெரிய பாறைக்கும் இடைப்பட்ட காடு என்றுதான் எழுதியிருந்தேன். சர்வேக்காரன் அதை எந்த இடமென்று எடுத்துக்கொண்டானோ! அந்த ஊரில் பெரிய பாறைக்கா பஞ்சம்? மேல்காட்டில் இன்னும் பெரிதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் அவருக்கும் எடுத்துச் சொன்னேன்.

"அது நெசந்தானுங்க," என்றார். "ஆனா ஆமான்னு எழுதுங்க. எனக்கு அப்படித்தான் தோணுது."

நான் ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வியை எனக்கு நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒரு காரணம் அந்தக் கேஸ். அவரைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் இரண்டும் என்ன ஆகும்? அந்தப் பயம் நிஜம். இன்னொரு காரணம் என் வேலையில் ஊறிப்போன பிடிவாதம். கண்ணால் பார்க்காத ஆளுக்கு நான் பேர்ப்பட்டியலில் புள்ளி வைத்ததில்லை. தராசில் ஏறாத மூட்டைக்கு எடை எழுதியதில்லை. அதில்தான் எனக்கு நல்ல பேர். பார்க்காத படத்துக்கு ஆம் என்று எழுது என்றால் கை வரவில்லை. படிச்ச திமிர் என்று சொன்னாலும் சரிதான், மறுக்கமாட்டேன்.

வேறொன்று செய்தேன். என்னைப் பொறுத்தவரை அதுதான் சரியான பதில், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்று அபிப்பிராயம் இல்லை. ஒரு தனித்தாளில் அவர் சரிவை நானே வரைந்தேன். மேல்காடு, ஊடு, பலா மரம், வேலி எல்லாவற்றையும் குறித்தேன். கீழே எழுதினேன்: "தாங்கள் குறித்த நான்கு மூலைகள் இந்த நடுநிலத்தைக் குறிக்குமானால், ஆம், இது எங்கள் முன்னோர் காலம் தொட்டு எங்கள் அனுபவத்தில் உள்ளது. வேறு நிலத்தைக் குறிக்குமானால், அதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்."

படித்துக் காட்டினேன். அவர் கேட்டார், "ஒரு வார்த்தைதான எழுதச் சொன்னாங்க? இது நொம்ப நீளமா இருக்குதுங்களே."

"ஒரு வார்த்தையில சொல்ல முடியாதுங்க அம்மிணி. இதுலயும் ஆம் இருக்குது பாருங்க. உங்க நெலம்னா ஆம்தான்."

அவர் மைப்பெட்டியைத் தானே இழுத்து வைத்து, கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். "நீங்க படிச்சவிங்க. உங்களுக்குத் தெரியாதது எனக்கென்னங்க தெரியப்போகுது" என்றார். ரேகை கோணாமல் விழுந்திருந்தது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நான் தபாலைப் பதிவுத் தபாலாகவே அனுப்பினேன்.

மழை முடிந்து காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிய நாளில், பட்டாப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று சேதி வந்தது. ஏற்காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் பேருக்கு நேரே எழுதியிருந்தது: "பதில் இல்லை. அனுபவம் இல்லை." இரண்டு தடவை படித்தேன். பேர் வேறு யாருடையதோ என்றுகூடப் பார்த்தேன். எழுதிய பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதில் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையாக இல்லாததெல்லாம் அவர்கள் கணக்கில் பதிலே கிடையாது. அப்பீல் எழுதினேன். கெடு கடந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். திரும்பிக்கூட வரவில்லை.

ஆள் இல்லாத தரிசு என்று ஆன நிலத்தை எங்கள் எஸ்டேட்டே குத்தகைக்கு எடுத்தது. அது எனக்கு முன்கூட்டித் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் யார் நம்புவார்கள்? ரைட்டர் துரைக்கு ஆளாக இருந்து, வேண்டுமென்றே வளவளவென்று எழுதிக் கெடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த அம்மா மட்டும் அப்படிச் சொன்னதாக என் காதுக்கு வரவில்லை. சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது. ஊட்டை மட்டும் விட்டுவிட்டு, அதன் வாசல் வரைக்கும் வேலி போட்டார்கள். துரையிடம் போய் நின்றேன். ஆபீஸ் கொடுத்தது, நாம் எடுத்தோம், உன் பேரில் என்ன தப்பு என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத் தபால் பையில் ஒரு குழல் வந்தது. மூங்கில் குழாய்போலச் சுருட்டி, மேலே அவர் பேர் எழுதி, எங்கள் எஸ்டேட் விலாசம் போட்டிருந்தது. கடுதாசி எதுவும் கூட இல்லை. பிரித்தேன். நீல மினுமினுப்புள்ள மெல்லிய துணி. அதில் கறுப்பு மையில், தலைமுடி கனத்துக் கோடுகள். படம் வரைகிறவர் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பி, விட்டுப்போன படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வரைந்து, யார் யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் வேலையை அவர் செய்துவிட்டார். எவ்வளவு சுத்தமான கை! வடக்குத் திசைக்கு அம்புக்குறி, சுனைக்கு ஒரு சின்ன வட்டம், ஊட்டுக்கு ஒரு சதுரம். நாலு மூலையிலும் அ, ஆ, இ, ஈ.

நடுநிலம். மேல்காட்டில் ஒரு சாண்கூடச் சேரவில்லை. ஆரஞ்சுத் துண்டையும் தொடவில்லை. அவர் நிலம், அதுவும் முழு நிலம், அவர் சொன்னபடியே.

மேஜை இழுப்பறைக்குள் அதைப் போட்டுப் பூட்டினேன். காட்டாமலே இருந்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இனிமேல் காட்டி யாருக்கு என்ன லாபம்? ஆனால் குழல்மேல் அவர் பேர் இருந்தது. அவருக்கு வந்த தபாலை நான் வைத்துக்கொள்ள முடியாது. நாலாம் நாள் வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்கிய ராகி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "வாங்க" என்றார். நான் துணியை விரித்து நீட்டினேன். கையில் தூசி இருக்கிறது என்று தொடாமல், குனிந்து பார்த்தார்.

"இந்தச் சின்ன வட்டம் என்னங்க?"

"சுனைங்க."

"இந்தக் கட்டம்?"

"உங்க ஊடு."

விரலைத் துணிமேல் படாமல் காற்றிலேயே நகர்த்தி, ஊட்டிலிருந்து சுனைக்குப் போனார். சுனையிலிருந்து ஒரு மூலைக்குப் போனார். நாலு மூலையையும் சுற்றிக்கொண்டு திரும்ப ஊட்டுக்கே வந்தார். பிறகு தலைநிமிர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். எஸ்டேட் ஆள்கள் அங்கே குழி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதத்தானுங்களா அன்னிக்குக் கேட்டாங்க? இது உங்க அனுபவமான்னு?"

"ஆமாங்க."

"ஆமான்னு எழுதியிருந்தா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "நெலம் உங்க கையில இருந்திருக்கும்ங்க" என்றேன். அன்றைக்கு எவனாலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது, மேல்காடாக இருந்திருந்தால் உங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், படம் இல்லாமல் அதற்குப் பதிலே கிடையாது என்று அடுக்கடுக்காகச் சொல்ல வாயெடுத்தேன். எல்லாமே உண்மை. சொல்லாமல் துணியைச் சுருட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் அதத்தானுங்களே சொன்னேன்" என்றார்.